ஆணியில் காயும் லெக்கிங்ஸ்

"எனக்கு 39 வயது. ஐந்து மாதமாகக் காலை 6 மணி யோகா வகுப்புக்குப் போகிறேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஹால், ஏசி கிடையாது, ஆண்களும் வருகிறார்கள். சுடிதாருக்குப் போடும் காட்டன் லெக்கிங்ஸும் தொளதொள டீ-ஷர்ட்டும்தான் என் உடை. கைகளை ஊன்றித் தலை கீழே தொங்கக் குனியும் அதோமுக ஸ்வானாசனத்தில் டீ-ஷர்ட் கழுத்துக்கு வந்துவிடுகிறது. குனிந்தால் லெக்கிங்ஸ் பின்னால் இறங்குகிறது, உள்ளே போட்டிருப்பது தெரிகிறதோ என்று ஒரே பயம். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் தொடையில் வைத்த பாதம் வழுக்குகிறது. 3,000 ரூபாய் கொடுத்து வெளிநாட்டு பிராண்ட் வாங்கினால் சரியாகுமா? என் மாமியார் நடவு நட்டு வளர்ந்த கிராமத்து மனுஷி. அவர் கண்ணில் படக்கூடாது என்று லெக்கிங்ஸைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிக் காயவைக்கிறேன். சில நாள் லேசான ஈரத்தோடே போட்டுக்கொண்டு போய்விடுவேன். என்ன துணி வாங்கலாம், சொல்லுங்கள்."

— பெயர் வேண்டாம், சென்னை

அந்த ஆணியை முதலில் பிடுங்குங்கள். துணிக்கடைக்குப் பிறகு போகலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரியில்தான் உங்கள் பிரச்சினை பாதி இருக்கிறது. லெக்கிங்ஸை நனைந்த கனத்தோடு ஓர் ஆணியில் மாட்டினால் என்ன ஆகும்? மொத்தத் தண்ணீரின் பாரமும் இடுப்புப் பட்டையில் ஒரே இடத்தில் தொங்குகிறது. ஐந்து மாதம் இப்படி இழுபட்ட எலாஸ்டிக் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? குனிந்தால் இறங்கத்தான் செய்யும்.

அடுத்தது ஈரம். வெள்ளைத் துணி நனைந்தால் உடம்பு தெரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் வெளிச்சத்தைச் சிதறடித்து நம்மை மறைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் மறைப்பு குறைகிறது. மற்றவர்களுக்கு வியர்த்து நனையக் கொஞ்ச நேரமாவது ஆகும். நீங்கள் வீட்டிலிருந்தே நனைந்துகொண்டு போகிறீர்கள்.

இதைவிடப் பெரிய கவலை தோல். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அரைகுறையாகக் காய்ந்த துணி, தொடை இடுக்கில் ஒட்டியபடி ஒரு மணி நேர வியர்வை. படர்தாமரைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வட்டமாகச் சிவந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது போலக் காட்டிவிட்டு உள்ளே பரவ விட்டுவிடும். அதைப் போட்டுப் போட்டு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டவர்கள் எனக்கு எவ்வளவோ கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

சரி, துணிக்கு வருகிறேன். சுடிதார் லெக்கிங்ஸ் பெரும்பாலும் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன். லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான். பின்னல் ஒற்றைப் பின்னல், அதாவது டீ-ஷர்ட் துணியைப் போல ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சின்னச் சின்ன வளையமாகவும் இருக்கும். நடக்க, பஸ் ஏற இது போதும். ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்துக் கனக்கும், இழுபட்டால் முழுசாகத் திரும்பாது. அதனால்தான் முட்டி தள்ளிக்கொண்டு நிற்கிறது. யோகாவுக்கென்று வரும் நல்ல லெக்கிங்ஸில் நைலானோ பாலியெஸ்டரோ முக்கால் பங்குக்கு மேல், எலாஸ்டேன் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பின்னலும் இரட்டைப் பின்னல். உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். கடையில் வேறு எதைப் பார்க்க மறந்தாலும் இதைப் பாருங்கள்.

பிராண்ட் பெயர் மறைக்காது, பின்னல்தான் மறைக்கும். நம் திருப்பூரில் தைத்ததே போதும். லெக்கிங்ஸுக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, பின்பக்கத் துணியை நன்றாக இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். விரல் இடுக்கு தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பூப்போட்டதாக இருந்தால் இன்னும் கவனம். வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்திருப்பார்கள், இழுத்தால் வெள்ளை பல்லை இளிக்கும். அடுத்து, போட்டுப் பார்க்கும் அறையில் நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்ப்பதில் பயன் இல்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு இடையில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலை வெயில் விழும் ஜன்னல் பக்கம் மறுபடி ஒரு முறை. கடை விளக்கு பொய் சொல்லும். உள்ளாடை உங்கள் தோல் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புக்குள் வெள்ளை போட்டால் குனியும்போது அதுதான் முதலில் தெரியும்.

ஏன் பின்னால் இறங்குகிறது என்பதை ஒரு டேப் எடுத்து நீங்களே அளந்து பார்க்கலாம். பின் இடுப்பிலிருந்து உட்காரும் இடம் வழியாகத் தொடை தொடங்கும் வரை நின்றபடி ஓர் அளவு, குனிந்தபடி ஓர் அளவு எடுங்கள். குனிந்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல்கூடக் கூடும். அந்த நீளத்தைத் துணி எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும். இடுப்பு தாழ்வாக இருந்தால் மேலிருந்து இறங்கிக் கொடுக்கும். அதனால் தொப்புளை மூடும் உயரமான, அகலமான பட்டை வாங்குங்கள், உள்ளே நாடா இருந்தால் மிக நல்லது. கால்கள் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரு புள்ளியில் கூடாமல், வைர வடிவத்தில் ஒரு தனித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தத் துண்டு இருந்தால் கால் விரியும்போது தையல் இழுக்காது, பிரியாது. சிக்கென்று இருக்க வேண்டுமென்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினால், துணி நிற்கும்போதே பாதி இழுபட்டிருக்கும். குனியும்போது விரிய அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்? வலைதான் மிச்சம்.

மேலே போடுவதற்குத் தலைகீழாக நிற்கும்போது விழாத ஏதாவது வேண்டும். டீ-ஷர்ட்டை விட மனமில்லை என்றால் உள்ளே உடம்பை ஒட்டிய ஸ்லிப் ஒன்று போட்டு, அதை உயர இடுப்பு லெக்கிங்ஸுக்குள் செருகிவிடுங்கள். டீ-ஷர்ட் கழுத்துக்கு வந்தாலும் வயிறு தெரியாது. ஆனால் உங்கள் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு அடுக்கு என்பது தண்டனை. 'வியர்வையை உறிஞ்சும்' என்று விற்கும் துணிகளைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அவை வியர்வையைப் பரப்பிக் காற்றில் ஆவியாக விட்டுத்தான் குளிர்விக்கின்றன. சென்னையில் காலை 6 மணிக்குக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரணம். ஏற்கனவே தண்ணீர் குடித்து நிற்கும் காற்று உங்கள் வியர்வையை எங்கே வைத்துக்கொள்ளும்? அதனால் ஓர் அடுக்கோடு நிறுத்துங்கள். கையில்லாத, இடுப்பில் லேசாகப் பிடிக்கும், கழுத்து மூடிய ஒரு மேல்சட்டை போதும். பாயை மின்விசிறிக்கு நேர் கீழே போட ஐந்து நிமிடம் முன்னால் போங்கள். அந்த ஐந்து நிமிடம் செய்யும் வேலையை விலை கூடிய துணி செய்யாது.

விருட்சாசனத்தில் மட்டும் உங்கள் புது லெக்கிங்ஸ் காலை வாரிவிடும், சொல்லிவிடுகிறேன். இப்போது தளர்ந்த துணி தொடை மேல் நகர்கிறது, பாதம் கூடவே போகிறது. புதியது நகராது, ஆனால் நைலான் வழவழப்பில் ஈரப் பாதமே வழுக்கும். பளபளப்பானதை விட்டு, தொட்டால் லேசாகப் பஞ்சு போலிருக்கும் மங்கிய பரப்புள்ள துணியைத் தேர்ந்தெடுங்கள். பாதத்தைத் துடைத்துவிட்டு, ஒரு சின்னப் பருத்தித் துண்டைப் பாதத்துக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள், நிற்கும். அதுவும் நழுவினால் முட்டிக்குக் கீழே கெண்டைக்காலில் பாதத்தை வையுங்கள். முட்டியின் மேல் மட்டும் வேண்டாம். கைகள் பாயில் வழுக்கினால் மைக்ரோஃபைபர் விரிப்பு ஒன்று வாங்கி, கை வைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள். அது காய்ந்திருந்தால்தான் வழுக்கும், நனைந்தால் பிடிக்கும்.

மொத்தம் இரண்டு லெக்கிங்ஸ் போதும். துவைப்பது குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பி. ப்ளீச் வேண்டாம். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் வகையறாவும் வேண்டாம், அது இழைமேல் படிந்து வியர்வையை உள்ளேயே நிறுத்திவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, காற்றோட்டமான நிழலில், கொடியில் நடுவாக மடித்துப் போடுங்கள். நைலான் அரை நாளுக்குள் காய்ந்துவிடும்.

கொடி என்றதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் கணவரின் பனியனும் ஜட்டியும் எங்கே காய்கின்றன? கதவுக்குப் பின்னாலா? பெரியவர்கள் முன்னால் ஒரு மறைவு வேண்டும் என்று நினைப்பதை நான் கேலி செய்ய மாட்டேன், நானும் அப்படி வளர்ந்தவள்தான். வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் மேலே ஒரு நீளக் குர்தா போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு முறைக்கு அது போதும். ஆனால் ஒரே சமையலறையில் சோறு பொங்கிச் சாப்பிடும் இரண்டு பெண்களில் ஒருத்தி இன்னொருத்திக்குப் பயந்து துணியை ஒளித்து வைப்பதை மரியாதை என்று சொல்லாதீர்கள். அவர் திட்டுவார் என்று நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர் அவர். சேலையை எங்கே ஏற்றிச் செருகினால் குனிந்தாலும் விலகாது, நனைந்தாலும் ஒட்டாது என்பது பதினைந்து வயதிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் மேலே சொன்ன அந்த வைரத் துண்டு செய்யும் வேலையை, காலுக்கு நடுவே பாய்ச்சிச் செருகிய சேலையை வைத்தே நம் பாட்டிகள் செய்துகொண்டார்கள். புது லெக்கிங்ஸ் வாங்கியதும் அவர் எதிரில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டு விரித்துக் காட்டி, "அத்தே, இது தெரியுதா பாருங்க" என்று கேளுங்கள். அவர் கண்ணுக்குத் தப்பியது உங்கள் வகுப்பில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை.