சாவியோடு போன காருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: இரவு பேக்கரி வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பிரெட் வாங்க இறங்கினேன். காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். 'உங்கள் அலட்சியம்' என்று எழுதி, ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்கிறது இன்ஷூரன்ஸ் கம்பெனி. திருட்டுக்கும் சேர்த்துத்தானே பிரீமியம் கட்டினேன்? முழுப் பணமும் கிடைக்குமா? 'டூப்ளிகேட் சாவி செய்து கொடுத்து, பூட்டியிருந்தது என்று சொல்' என்கிறார் நண்பர்.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த நண்பரிடமிருந்து தள்ளியே இருங்கள். திருட்டு கிளெய்ம் என்றாலே கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். வாங்கியதும் அவை வண்டியோடு வந்தவைதானா, ஒன்று புதிதாக வெட்டியதா என்று பார்க்கும். விசாரணைக்கு வருபவர் உங்களிடம் மட்டுமா கேட்பார்? பேக்கரிக்காரரிடமும் கேட்பார், கேமராவையும் பார்ப்பார். இப்போது உங்கள்மேல் இருப்பது அலட்சியம் என்ற குற்றச்சாட்டு மட்டும்தான். பொய்ச் சாவி கொடுத்தால் அது மோசடி ஆகிவிடும். அலட்சியத்துக்கு வெட்டு விழும். மோசடி என்றால் மொத்தமும் போகும். ஒரு சாவி வண்டியோடு போனது என்ற உண்மையையே கடைசிவரை சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பதும் நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்த வாக்குமூலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள். 'ஒன்றும் கிடையாது' என்ற கம்பெனியின் பேச்சையும் ஏற்காதீர்கள்.

வண்டியைக் காக்க நியாயமான எல்லா முயற்சிகளையும் உரிமையாளர் எடுக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனி பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஓடுகிற வண்டியை விட்டு இறங்கியது அந்த நிபந்தனையை மீறிய செயல்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் மீறல் என்றாலே கிளெய்ம் செத்துவிடாது. அசோக் குமார் என்பவருக்கும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸுக்கும் நடந்த வழக்கில் லாரி டிரைவர், போக வேண்டிய கடை எங்கே என்று விசாரிக்கச் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினார், லாரி போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கைவிரித்தது. 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. இதற்கு 'நான்-ஸ்டாண்டர்ட்' செட்டில்மென்ட் என்று பெயர். 2010-இல் அமலேந்து சாஹு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வழியைக் காட்டிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. நீங்கள் கேட்கும்வரை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்காகச் சொன்னால், உங்கள் பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பான ஐ.டி.வி. 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். மீதி 5,99,000. அதில் 75 சதவீதம் 4,49,250. சாவியை எடுக்காததற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். வலிக்கத்தான் செய்யும், ஆனால் பூஜ்யம் இல்லையே.

அதற்காக 75 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக நினைக்க வேண்டாம். நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை நேரம், வண்டி கண்ணில் பட்டுக்கொண்டிருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். கவுண்ட்டரில் நின்றபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு. ராத்திரி முழுக்கத் தெருவில் சாவியோடு விட்டுவிட்டுத் தூங்கப் போனவர் வேறு. அவருக்கு ஒன்றும் கிடைக்காமலே போகலாம். உங்கள் கதை முதல் வகை. அதை நிரூபிக்க பேக்கரி பில்லும் கேமரா பதிவும் போதும். கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அதை எடுத்து வைத்தீர்களா என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்று: புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்துவிட்டீர்களா? கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும்; பிறகு வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸின் சான்றும் வேண்டும். 'எங்களுக்குத் தாமதமாகச் சொன்னீர்கள்' என்ற சாக்கையும் கம்பெனி இழுக்கலாம். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால் அந்தச் சாக்கு மட்டும் போதாது என்று 2020-இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இனி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 'முழுத் தொகை தா' என்று எழுதாமல், நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படையில் 75 சதவீதம் கேட்டு, அசோக் குமார், அமலேந்து சாஹு ஆகிய இரண்டு வழக்குகளின் பெயரையும் போடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் முடிவு பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; அங்கே கெடு இரண்டு வருடம். இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்க முடியாது.

கார் கடனில் வாங்கியது என்றால், வருகிற பணம் முதலில் பாங்குக்குத்தான் போகும். அதுவரை இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள், கார் போனது பாங்குக்கு ஒரு காரணமே இல்லை.