விசாரணையே இல்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் கேஸ் போடலாமா?

கேள்வி: எட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். சார்ஜ் மெமோ இல்லை, விசாரணை இல்லை. லேபர் கோர்ட்டுக்குப் போனால் பிரயோசனம் இருக்குமா, இல்லை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதா?

பதில்: அம்பத்தூர் பக்கம் தொழிற்சங்க வேலையில் இருந்தபோது இதே கேள்வியோடு வந்த பலருடன் லேபர் ஆபீஸுக்குப் போய் வந்திருக்கிறேன். வக்கீல் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கேஸ் போடுவதா வேண்டாமா என்று நீங்கள் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. கோர்ட்டுக்கு முன்னால் சமரச அலுவலர் என்று ஒரு படி இருக்கிறது. ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இதற்கு 2ஏ மனு என்று பெயர். ஆபீஸில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனு கொடுத்து 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து மூன்று வருடம் வரை போகலாம் என்பது பழைய கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் அது இரண்டு வருடம். அதனால் இரண்டு வருடம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, தினமும் செய்த வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள். 2015ல் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் வெளியேற்றிய ஊழியர், தான் செய்தது தொழில்நுட்ப வேலைதான், நிர்வாகம் இல்லை என்று சென்னை தொழிலாளர் நீதிமன்றத்தில் நிலைநாட்டி, 2022ல் மீண்டும் வேலையில் சேர்க்கும்படி உத்தரவு வாங்கினார். வென்றார், ஆனால் ஏழு வருடம். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். லீவு சாங்ஷன் செய்வது, ஆள் எடுப்பது, அப்ரைசல் போடுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் இந்தக் கதவு திறப்பது கடினம்.

அடுத்தது எல்லோரும் நம்பும் விஷயம்: "விசாரணை நடத்தவில்லை, அதனால் கேஸ் நமக்குத்தான்." அப்படி இல்லை. விசாரணை நடத்தாமல் நீக்கியிருந்தாலும், குற்றச்சாட்டைக் கோர்ட்டிலேயே சாட்சி வைத்து நிரூபிக்கக் கம்பெனிக்கு வாய்ப்பு உண்டு. பதில் மனுவிலேயே அந்த அனுமதியைக் கேட்டுவிடுவார்கள். ஆகவே விசாரணை நடந்ததா என்பதைவிட, நடந்திருந்தால் உங்களுக்கு எதிராக எதைக் காட்டியிருப்பார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. இதற்கு உங்களிடமே நேர்மையான பதில் இருக்கும். அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கை வைத்து விளக்குகிறேன். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எட்டு வருட சர்வீஸ். பேசிக், டி.ஏ. சேர்த்து 26,000. "தங்கள் சேவை இனித் தேவையில்லை" என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்தார்கள். உண்மைக் காரணம், அவர் பாஸ் செய்த ஒரு லாட் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. "செட்டில்மென்ட் ஒன்றரை லட்சம், கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்" என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய தொகையாகத் தெரிந்தது.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். கிராஜுவிட்டி, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. அவருக்கு வருடத்துக்கு 15,000, எட்டு வருடத்துக்கு 1,20,000. இது கேஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அவருக்குச் சேர வேண்டியது. அப்படியானால் வேலையைப் பறித்ததற்குக் கம்பெனி வைத்த விலை வெறும் 30,000! அப்புறம், இதை ஆள்குறைப்பு என்றே எடுத்துக்கொண்டாலும் ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 26,000, வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்று எட்டு வருடத்துக்கு 1,04,000 தந்தாக வேண்டும். ஆக, சண்டையே போடாமல் கிடைக்க வேண்டியது 2,50,000. பி.எஃப். இதில் சேரவே சேராது, அது அவருடைய சொந்தப் பணம். உங்களுக்கு ஏதாவது தொகை சொல்லியிருந்தால் முதலில் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பாதிப் பேருடைய கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அவர் மனு கொடுத்தார். முதல் வாய்தாவுக்குக் கம்பெனி ஆள் வரவில்லை. அடுத்ததற்கு எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வந்து "மேனேஜ்மென்ட்டிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். இது வழக்கம்தான், சோர்ந்துவிடாதீர்கள். மூன்றாவது முறை மேனேஜரே ஃபைலோடு வந்தார். ஃபைலில் அந்த லாட்டின் இன்ஸ்பெக்ஷன் ஷீட், கீழே நம் ஆளின் கையெழுத்து. அந்த நாளில் ஒரே ஷிப்டில் இரண்டு லைனுக்கு அவர் ஒருவரே ஆள் என்பதும் அதே ஷீட்டில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் மேனேஜரின் குரல் கொஞ்சம் இறங்கியது. பேச்சு நீண்டு, கடைசியில் கிராஜுவிட்டியோடு ஐந்து லட்சம் என்று வந்து நின்றது. அதாவது கேஸுக்கு மட்டும் 3,80,000.

இப்போதுதான் உண்மையான கேள்வி: வாங்கிக்கொள்வதா, கோர்ட்டுக்குப் போவதா? கேஸ் நான்கு வருடம் போகும் என்று வைத்தோம். வேலையில்லாமல் நிறுத்தி வைத்த காலத்துக்கான சம்பளத்தைத்தான் பின்சம்பளம் என்பார்கள். முழுப் பின்சம்பளம் என்றால் 12,48,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அதற்குள் 22,000 சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. முறையற்ற நீக்கம் என்றால் முழுப் பின்சம்பளம்தான் பொது விதி என்று உச்ச நீதிமன்றம் 2013ல் தீபாளி குண்டு சுர்வசே வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் அதே தீர்ப்புப்படி, "இடையில் எனக்கு வருமானமுள்ள வேலை இல்லை" என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும். புது வேலையில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே யு.ஏ.என். நம்பராக இருக்கும். மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. அதனால் பாதிப் பின்சம்பளம் என்று வைத்தோம், 6,24,000. இன்ஸ்பெக்ஷன் ஷீட் இருப்பதால் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார் வக்கீல். அப்படியானால் இன்றைய மதிப்பு சுமார் 3,12,000. அதிலும் வக்கீல் ஃபீஸும், வாய்தாவுக்கு வாய்தா போடும் லீவும் கழியும். ஜெயித்தாலும் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போகலாம். கையில் வரும் 3,80,000 மேல் என்று முடிவு செய்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அதே கணக்கு இன்னொருவருக்குத் தலைகீழாக வந்தது. 52 வயது டர்னர், பழைய லேத் மெஷின் ஆள். வெளியே யாரும் வேலை தரவில்லை, அவர்மேல் குற்றச்சாட்டும் எதுவுமில்லை. அவருக்குக் கேஸ்தான் சரி என்றேன். பின்சம்பளம் குறைய காரணமில்லை, சர்வீஸ் தொடர்ச்சியோடு ரிடையர்மென்ட் வரை போகலாம். கம்பெனி ஹைகோர்ட்டில் மேல்முறையிட்டாலும், மீண்டும் வேலை கொடு என்ற உத்தரவு இருக்கும்போது, வேறு வேலையில் இல்லை என்று அஃபிடவிட் கொடுத்தால் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கேட்டு வாங்கலாம். பழைய சட்டத்தில் 17பி என்பார்கள். வேலை கிடைக்காதவரின் கேஸுக்குத்தான் மதிப்பு கூடுதல். கொடுமைதான், ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

உங்கள் விஷயத்தில் கடிதமே இல்லை, வாயால் சொல்லியிருக்கிறார்கள். இதில்தான் அதிக ஆபத்து. "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவராக வேலைக்கு வருவதை விட்டுவிட்டார்" என்று நாளைக்குச் சொல்வார்கள். இந்த வாரமே ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தோடு அனுப்புங்கள், அதே வாசகத்தை மெயிலிலும் போடுங்கள்: இந்தத் தேதியில் வேலைக்கு வந்தேன், கேட்டில் இன்னார் நிறுத்தினார், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், வேலை கொடுங்கள். கோபத்தைக் கொட்டாதீர்கள், நாலு வரி போதும். பதிலுக்கு "வந்து சேருங்கள்" என்று அவர்கள் எழுதினால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் கேஸ் அங்கேயே முடிந்தது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே மிரட்டி வாங்கியிருந்தால், எப்போது, எந்த அறையில், யார் முன்னால் என்று எழுதி உடனே வாபஸ் வாங்குங்கள். மாதக்கணக்கில் கழித்து எழுதினால் யாரும் நம்புவதில்லை.

பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக், "வர வேண்டாம்" என்று வந்த வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாவற்றையும் கம்பெனி மெயிலிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். மெயிலை எந்த நிமிஷமும் மூடிவிடுவார்கள்.

கடை, ஆபீஸ் மாதிரி இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41வது பிரிவில் தனி மேல்முறையீடு உண்டு. அதற்கு 30 நாள்தான் அவகாசம், அந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பேசி முடிந்தால் கம்பெனியின் ரூமில் கையெழுத்துப் போடாதீர்கள். சமரச அலுவலர் முன்னால் போடும் ஒப்பந்தமாகத்தான் இருக்க வேண்டும். கிராஜுவிட்டி தனி வரியாக, சர்வீஸ் சர்ட்டிபிகேட் தேதியோடு, பி.எஃபில் வெளியேறிய தேதியை எப்போது ஏற்றுவார்கள் என்பதும் எழுத்தில் வர வேண்டும். எங்கள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் டிமாண்ட் டிராஃப்டைக் கையில் வாங்கிப் பெயரும் தொகையும் சரிதானா என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.