“யூரியாவே காரணம்”: கொள்கைச் சுருக்கத்தின் வாதப் பகுதி பற்றிக் கேள்வி பதில்

“சேர், எங்கட கிணற்று நீர் கொள்கைச் சுருக்கத்தை ‘ஆதாரம் வேறை, கோரிக்கை வேறை எண்டு பிரிச்சு எழுதுங்கோ’ எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். ‘வேண்டும்’ எண்டு முடியிற வசனம் எல்லாத்தையும் கடைசிக்குக் கொண்டு போயிட்டன். இன்னும் என்ன செய்யிறது?” (திருநெல்வேலி, மாணவி)

தங்கச்சி, ‘வேண்டும்’ ஒளிந்திருக்காது, அதை யாரும் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் அனுப்பிய பந்தியைப் பாருங்கள்:

“அளவுக்கு மீறிய யூரியாவால் நஞ்சாகிப்போன வலிகாமத்துக் கிணறுகளில் மூன்றில் ஒன்று குடிக்கவே தகுதியற்றது. யூரியாவே இதற்குக் காரணம் என்பதை எமது ஆய்வு காட்டுகிறது.”

இதில் ஒரு ‘வேண்டும்’ கூட இல்லை. ஆனாலும் பாதிக்குமேல் கோரிக்கைதான். “நஞ்சாகிப்போன கிணறுகள்” என்று பெயரெச்சத்தில் வைத்ததும், நிறுவ வேண்டிய விஷயம் ஏற்கனவே முடிந்த கதையாகிவிட்டது. அதையே பயனிலையாக்கி “கிணறுகள் நஞ்சாகியுள்ளன” என்று எழுதிப் பாருங்கள். எத்தனை கிணறு, எவ்வளவு, யார் அளந்தது என்ற கேள்விகள் உடனே வரும். பெயரெச்சம் அந்தக் கேள்விகளை வரவிடாது. அடுத்தது “யூரியாவே”. அந்த ஏகாரம் மற்ற எல்லாக் காரணங்களையும் வாசலிலேயே மறித்துவிடுகிறது. “குடிக்கவே” என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. தமிழில் ஏ, தான், கூட, வெறும் ஆகியவை எங்கே வருகின்றன என்று தேடினால், ஒளிந்திருக்கும் கோரிக்கையில் பெரும்பங்கு அகப்படும்.

இனி எண்களுக்கு வருவோம். உங்கள் தரவை வெளியே விடாமல், எண்களை மாற்றிப் போட்டுக் கணக்கு மட்டும் காட்டுகிறேன். 40 கிணறு பார்த்தீர்கள், எல்லாம் வெங்காயத் தோட்டத்தை அண்டியவை. தை மாதத்தில் ஒரே ஒரு முறை நீர் எடுத்தீர்கள். பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று, 14 கிணறுகளில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது. அந்த 40 இல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்பது சரி. வலிகாமத்தில் மூன்றில் ஒன்று என்று எழுத முடியாது, ஏனென்றால் பசளை அதிகம் போடும் இடத்தைத் தேடிப்போய் அளந்தவர்கள் நீங்களே. நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“வெங்காயத் தோட்டங்களை அண்டிய 40 கிணறுகளில் தை மாதம் ஒருமுறை நீர் எடுத்தோம். 14 கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கான எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. பசளையும் மலக்குழியும் இதற்கு மூலங்களாக இருக்கலாம். எமது அளவீடு இரண்டையும் பிரித்துக் காட்டாது.”

இவ்வளவும் ஆதாரம். கோரிக்கைக்குப் போகும் வசனம் இனித்தான் வரும்.

“அப்ப கருத்தே எழுதக்கூடாதோ? அளந்ததை மட்டும் குடுத்தால் வாசிக்கிறவர் தானே முடிவெடுப்பார்.” (நல்லூர், பல்கலைக்கழக உதவியாளர்)

பாதி சரி. அளந்ததை அப்படியே கொடுப்பது ஆய்வறிக்கைக்குப் போதும். கொள்கைச் சுருக்கத்தில் கோரிக்கை இல்லாவிட்டால் அது எதற்கு?

50 என்ற அளவிலிருந்து எந்தக் கோரிக்கையும் தானாக முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை வகுத்தபோது முன்னால் வைத்தது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை. அந்தக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலமாகும் நோய்தான் பயம். ஆகவே “குடிக்கத் தகுதியற்றது” என்பதும் ஆதாரம் சொல்வதைவிட அகலமான பேச்சு. இடையில் ஒரு பாலம் தேவை: “கைக்குழந்தை உள்ள வீடுகளை முதலில் காப்பதே முக்கியம் என நாம் கருதுகிறோம், எனவே அந்த வீடுகளுக்குக் குழாய்நீரோ பவுசர் நீரோ முதலில் கொடுக்கவேண்டும்.” ‘நாம் கருதுகிறோம்’ என்று வாய்விட்டுச் சொன்னால், அதை ஏற்காதவர் அதோடு மட்டும் மோதுவார், உங்கள் அளவீட்டைக் கிழிக்கமாட்டார். கமக்காரரின் வருமானம் முதலில் என்று நினைப்பவரும் அதே 14 கிணற்றை ஏற்றுக்கொண்டு வேறு கோரிக்கைக்குப் போகலாம்.

“எங்கட வீட்டுக் கிணறும் கோண்டாவிலிலைதான், தோட்டம் பக்கத்திலை. கொதிக்கவைச்சுத்தான் குடிக்கிறம். அது காணும்தானே?” (இல்லத்தரசி)

அக்கா, இது வேறு விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிப் போவதால் மிஞ்சும் நீரில் அதன் செறிவு கொஞ்சம் கூடவும் செய்யும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கிணற்றைப் பரிசோதிக்கும் வரை பால் கரைக்க வேறு நீர் எடுங்கள்.

“நான் பழைய அறிக்கை ஒண்டிலை 10 எண்ட எல்லையைப் பார்த்தன், இவை 50 எண்டினம். ஆர் பொய் சொல்லினம்?” (சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஐயா. 10 என்பது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் நிறுத்த கணக்கு, 50 முழு நைத்திரேற்றின் கணக்கு. முதலாவதை 4.43 ஆல் பெருக்கினால் இரண்டாவது வகைக்கு மாறும். 10 அப்படி 44 ஆகும், ஏறக்குறைய ஒரே எல்லைதான். ஆய்வுகூடத் தாளில் ‘14’ என்று மட்டும் இருந்தால் முதலில் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். நைதரசனாகச் சொன்ன 14 என்றால் முழு நைத்திரேற்றில் 62, எல்லைக்கு மேல். முழு நைத்திரேற்றே 14 என்றால் பயமில்லை. இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போட்ட வரைவொன்று என் கையாலேயே வெளியே போயிருக்கிறது. ஒரு இளம் பொறியியலாளர் கூட்டத்தில் அதைக் காட்டியபோது எனக்கு நிலம் விரியாதா என்றிருந்தது.

“பசளையோ மலக்குழியோ எண்டு பிரிக்கத் தெரியாட்டில், யூரியாவைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாமோ?” (உரும்பிராய், கமக்காரர்)

கேட்க வேண்டிய ஆள் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். மேலே போடுவது எதுவும் மாரி மழையோடு விரைவாகக் கீழே இறங்கும், பசளையும் அடித்தளம் கட்டாத குழியின் கழிவும் ஒன்றாகத்தான். மூலம் குழிதான் என்றால் யூரியாவைக் குறைத்தாலும் கிணறு மாறாது, நட்டம் மட்டும் உங்கள் தலையில். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, அந்த வருடக் கடைசியிலேயே விட்டுக்கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் “யூரியாவே” என்று கண்டதும் அலுவலர் காகிதத்தை மூடிவைப்பார்.

நைதரசனின் சமதானிகளை, அதாவது நிறை வேறுபட்ட நைதரசன் அணுக்களை, அளந்தால் யூரியாவையும் கழிவையும் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் மாட்டெருவும் மலக்குழியும் அதிலும் ஒரே மாதிரித் தெரியும், தோட்டங்களிலோ மாட்டெரு தாராளம். ஆகவே நான் கேட்பது சின்னது: மாரிக்கு முன்னும் பின்னும் அதே 40 கிணறுகளை அளப்பது, குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் குறிப்பது. குழந்தைகளுக்கு நீர் கொடுக்கும் கோரிக்கை மூலம் எதுவானாலும் நிற்கும். யூரியாக் கோரிக்கை நிற்காது. என் கையில் இருந்தால் அதை இப்போது எடுத்துவிடுவேன். இதில் என்னோடு உடன்படாத நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், முன்னெச்சரிக்கை போதும் என்பார்கள்.

“நீங்கள் சொல்லிறமாதிரி எழுதினால் ஆரும் திரும்பிப் பாக்கமாட்டினம். நாங்கள் அழுத்தமா எழுதித்தான் காசு எடுத்தனாங்கள்.” (முன்னர் தொண்டு நிறுவனமொன்றில் வேலை செய்தவர்)

உங்கள் அனுபவம் பொய்யில்லை. அழுத்தத்தை முதல் பக்கத்தின் முதல் வரியில் வையுங்கள்: “கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இந்த மாரிக்கு முன் மாற்று நீர்.” வாதப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருமுறை அலுவலகம் ஒன்றில் எங்கள் காகிதத்தைப் புரட்டியவர் கேட்டது ஒரே கேள்விதான்: “எந்தக் கிணறு?” நாங்கள் ‘நஞ்சு’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தோம், கிணற்றின் இலக்கம் ஓரிடத்திலும் இல்லை.