முழங்கையில் கைகொடுக்கும் சுற்றுவழி, முழங்காலில் ஏன் கைவிடுகிறது?

புதுச்சேரியில் ரத்தக் குழாய் அறுவை செய்து ஓய்வு பெற்றவன் நான். மூட்டுகளைச் சுற்றி ஓடும் கிளைத் தமனிகளைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

“என் பையனுக்கு ஏழு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. மணிக்கட்டில் நாடி இல்லை என்றார்கள். ஆனால் கை வெளுக்கவில்லை, சூடாகத்தான் இருந்தது. நாடி இல்லாமல் ரத்தம் எப்படிப் போனது டாக்டர்? இப்போது நன்றாக இருக்கிறான்.” (நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, கையின் பெரிய குழாயான பிரேக்கியல் தமனி முழங்கையின் முன்பக்கம் இறங்குகிறது. அந்த வயதில் எலும்பு அங்கே முறிந்தால் மேல்துண்டின் கூர்முனை முன்னால் வந்து குழாயை நசுக்கும், அல்லது குழாய் வளைந்து மாட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு வெகு மேலேயே, புயத்தில், ஆழத்தில் ஓடும் ஒரு கிளையும் உட்புறம் ஓடும் இன்னொரு கிளையும் பிரிந்துவிடுகின்றன. இவை முழங்கையைச் சுற்றி வந்து, முன்கையிலிருந்து மேல்நோக்கித் திரும்பும் கிளைகளோடு சேர்கின்றன. பெண்ணையாற்றுப் பாலத்தில் லாரி கவிழ்ந்தால் பண்ருட்டி பக்கமாகச் சுற்றிக் கடலூர் வருவதில்லையா, அப்படி.

சுற்றுவழியாக வரும் ரத்தம் பல சிறு குழாய்களில் நுழைந்து வெளியேறும்போது துடிப்பை இழந்துவிடும். ஓட்டம் இருக்கும், விரலில் தட்டும் நாடி இருக்காது. உங்கள் பையனின் கை சூடாக இருந்தது அதனால்தான்.

இப்படி வரும் குழந்தைக்குச் செய்ய வேண்டியது இதுதான். முழங்கையை லேசாக, 20 முதல் 40 டிகிரி வரை மட்டும் மடக்கித் தாங்கு கட்டை வைப்பது. கட்டாயப்படுத்தி மடக்கினால் இருக்கிற ஓட்டமும் நின்றுவிடும். அப்புறம் தாமதிக்காமல் மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி, கம்பிகளால் பிடித்து வைப்பது. பெரும்பாலும் எலும்பு இடத்துக்கு வந்ததும் நாடியும் திரும்பும். அதன் பிறகும் ஓரிரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். விரலை மெல்ல நீட்டினாலே குழந்தை அலறினால், வலி மருந்து திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால், முன்கைத் தசை உள்ளே வீங்கி இறுகுகிறது என்று அர்த்தம். கட்டை உடனே தளர்த்த வேண்டும், போதாவிட்டால் தசையுறையைத் திறக்க வேண்டும். வெளியே கட்டுப் போடும் வைத்தியரிடம் இறுக்கமான கட்டோடு இருந்து, விரல்கள் மடங்கிப்போய் என்னிடம் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை முழுதாகத் திரும்புவதில்லை.

“எலும்பைச் சரிசெய்த பிறகும் நாடி வரவில்லை, கை மட்டும் சூடாக இருக்கிறது என்றால் நான் திறந்து பார்த்துவிடுவேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?” (ஓர் எலும்பு மருத்துவர்)

கை வெளுத்துச் சில்லிட்டிருந்தால் நானும் உடனே திறப்பேன், அதில் விவாதமே இல்லை. நீங்கள் சொல்கிற நிலையில்தான் நம் ஆட்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். நான் மணிக்கு மணி பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். ஆனால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லும்போது குழந்தையால் முடியவில்லை என்றால் காத்திருக்க மாட்டேன். நரம்பும் குழாயும் ஒரே இடத்தில் சிக்கியிருக்கலாம். உங்கள் முறை தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

“சார், முழங்கை, முழங்கால் இரண்டிலும் மூட்டைச் சுற்றிக் கிளைத் தமனிகளின் வளையம் வரைந்துதான் படித்தோம். அப்படியென்றால் முழங்காலுக்குப் பின்னால் உள்ள பாப்லிட்டியல் தமனி போனாலும் கால் பிழைக்க வேண்டுமே? ஜான் ஹன்ட்டர் 1785ல் அதைக் கட்டியும் நோயாளி நடந்தாரே?” (இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்)

பாதி சரி தம்பி. ஹன்ட்டர் கட்டியது பாப்லிட்டியல் தமனியை அல்ல, தொடையில் உள்ள தமனியை. பின்முழங்காலில் ரத்தக் குழாய் புடைத்திருந்த ஒரு வண்டிக்காரருக்கு அதைச் செய்தார். புடைப்பு மெல்ல மெல்ல வளர்ந்ததால் சுற்றுவழிகளுக்கு விரிய நேரம் கிடைத்திருந்தது.

திடீர்க் காயத்தில் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1946ல் தொகுத்தார்கள். பிரேக்கியல் தமனி காயப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கையை இழந்தார். பாப்லிட்டியல் காயப்பட்டவர்களில் 100க்கு 70க்கு மேல் காலை இழந்தார்கள். இரண்டிலும் வளையம் இருந்தது.

முழங்கையின் மேல்கிளைகள் காயத்துக்கு வெகு மேலே தொடங்கித் தசைக்குள் பத்திரமாக வருகின்றன. முழங்காலின் ஐந்து கிளைகளும் காயப்படும் அந்தத் துண்டிலிருந்தே பிறந்து, எலும்பையும் மூட்டுறையையும் ஒட்டிக் கிடக்கின்றன. மூட்டு விலகினால் அவையும் கிழியும். மேலிருந்து வரும் ஓரிரு கிளைகள் மெல்லியவை. ஊட்ட வேண்டிய கெண்டைக்கால் தசையோ பெரியது. கிராமத்துச் சந்தில் டூ வீலர் போகும், கரும்பு லாரி போகுமா?

“எங்கள் காஷுவாலிட்டிக்குப் பைக் விபத்தில் முழங்கால் விலகி ஒருவர் வந்தார். பாதத்தில் நாடி இருந்ததால் கட்டுப்போட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். காலையில் கால் சில்லிட்டுவிட்டது. நாடி இருந்ததே?” (ஒரு செவிலியர்)

பாப்லிட்டியல் தமனி முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் கட்டிப்போட்ட கயிறு மாதிரி. மூட்டு விலகும்போது நகர இடமில்லாமல் இழுபடும். வெளிச்சுவர் தாங்கும், உள்சுவர் மட்டும் விரிசல் விடும். முதலில் ரத்தம் போகும். விரிசலில் ரத்தம் உறைந்து சில மணி நேரம் கழித்து அடைக்கும்.

அதனால் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே வந்தால் சி.டி. ஆஞ்சியோ. அதற்கு மேல் இருந்தாலும் இரவெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதே இலக்கு.

“எனக்குச் சர்க்கரை. நாலு தெரு நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது. காலில் அடைப்பு, ஆனால் சுற்றுவழி வளர்ந்திருக்கிறது என்றார்கள். அப்புறம் மாத்திரை எதற்கு?” (கடலூர் முதுநகர்)

ஐயா, உங்கள் சுற்றுவழி உட்கார்ந்திருக்கும்போதுதான் போதுகிறது, நடக்கும்போது போதவில்லை. அதனால்தான் பிடிக்கிறது. தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்தால் நடக்கும் தூரம் கூடும். மாத்திரை அடைப்பு பெருகாமலும், இதயத்திலும் மூளையிலும் இதேபோல அடைப்பு வராமலும் பார்க்கிறது. நிறுத்தாதீர்கள். காலில் ஆறாத புண் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும், உடனே காட்டுங்கள்.

“போன வாரம் அப்பாவுக்கு ஒரு கண் பத்து நிமிடம் இருண்டு, தானாகவே தெளிந்தது. கண்ணிலும் சுற்றுவழி திறந்துகொண்டதா?” (லாஸ்பேட்டை)

இல்லை. விழித்திரையின் மையத் தமனி முட்டுச்சந்து. அதன் கிளைகளுக்குப் பக்கத்துக் கிளையோடு உபயோகப்படும் இணைப்பே கிடையாது. இதயத் தமனிகளுக்கு இடையே இணைப்புகள் உண்டு, திடீர் அடைப்புக்குப் பெரும்பாலும் போதாது. கண்ணில் அதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்குத் தெளிந்தது, வந்து மாட்டிய ரத்தக் கட்டி தானாக உடைந்து நகர்ந்துவிட்டதால் இருக்கலாம். அந்தக் கட்டி பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வரும், அடுத்தது மூளைக்குப் போகலாம். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. பதிலைப் படித்ததும், பக்கவாதம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இன்றே அழைத்துப் போங்கள்.