ஞாபக மறதி உள்ள அம்மா, அப்பாவோடு பயணம்: கொழும்பிலிருந்து சில கேள்விகள், ஒரு தாதியின் பதில்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: அக்கா, அடுத்த மாதம் அம்மாவை ரயிலில் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போகிறேன். வயது 78. கைப்பையில் அடையாள அட்டை இருக்கிறது. அது போதும்தானே?

போதாது தங்கச்சி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நான் காசு கொடுத்துத் திரும்புவதற்குள் அம்மா வெளியே போய்விட்டார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தேன். யாரோ ஒரு நல்ல மனிதர் பையைத் திறந்து அடையாள அட்டையைப் பார்த்திருக்கிறார். அதில் இருந்ததோ பழைய சாவகச்சேரி விலாசம். "அம்மாவுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும்" என்று முடிவு செய்து, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றக் கைபிடித்து நின்றார். அம்மாவும் "ஓம், வீட்டைதான் போறன்" என்று சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று இன்னொன்றும் விளங்கியது. முப்பது வருடம் சந்தையில் சரளமாகச் சிங்களம் பேசியவர், அந்த மனிதரிடம் தமிழில் மட்டும்தான் பேசியிருக்கிறார். பின்னாளில் படித்த மொழி முதலில் நழுவும், பிறந்த மொழி கடைசிவரை நிற்கும். மறதி நோயில் இது அடிக்கடி காண்பது. ஆகவே அவருக்காகப் பேசுகிற அட்டை மூன்று மொழியிலும் இருக்கட்டும், சிங்களம் மேலே. வாசகம் சின்னதாக: "எனக்கு ஞாபக மறதி. என்னை இங்கேயே உட்காரவைத்து இந்த எண்ணுக்கு அழையுங்கள்." பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் போதும், விலாசம் வேண்டாம். ஒரு எண் உங்களுடையது. மற்றது கொழும்பில் இருக்கிற, சிங்களம் பேசுகிற ஒருவருடையது. நீங்கள் ரயிலுக்குள் சிக்னல் இல்லாமல் இருக்கலாம்.

அட்டையைப் பையில் வைக்காதீர்கள். பையைத்தான் அவர் முதலில் எங்காவது வைத்துவிட்டு வருவார். ஒரு துணித்துண்டில் அழியாத பேனாவால் எழுதி, சட்டையின் உட்புறம் கழுத்துப் பட்டிக்குக் கீழே தைத்துவிடுங்கள். நான் அம்மாவின் ஒவ்வொரு சட்டையிலும் தைத்தேன். மேலதிகமாக ஒரு கைவளையம் போட்டால் நல்லது. ஆனால் சிலர் அதைப் பிய்த்து எறிவார்கள், வீட்டில் ஒரு கிழமை போட்டுப் பாருங்கள். புறப்படும் காலையில் அன்றைய உடுப்போடு முழு உருவப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் 119க்குச் சொல்லும்போது "என்ன நிறச் சேலை?" என்று கேட்பார்கள். பதட்டத்தில் அது ஞாபகம் வராது, நமக்கும்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: இதெல்லாம் பழைய முறை அல்லவா? நான் அப்பாவின் செருப்புக்குள் சிறிய வட்டமான டிராக்கர் வைத்துவிட்டேன். கைபேசியில் எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது.

பாதி சரி, தம்பி. வைத்திருங்கள். ஆனால் அந்தச் சின்ன வட்டம் தானாக இடத்தைச் சொல்வதில்லை. பக்கத்தில் போகிறவர்களின் கைபேசிகள் அதைக் கண்டு தகவல் அனுப்பினால்தான் உங்களுக்குத் தெரியும். கொழும்பில் அது நடக்கும், அனுராதபுரம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நடக்கும் என்று எண்ணி இருக்கமுடியாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் டிராக்கர் வாசலிலேயே நிற்கும், அப்பா உள்ளே இருப்பார். அதைவிட முக்கியமானது, அவரைக் கண்டெடுத்தவருக்கு அது ஒன்றும் சொல்லாது. துணித்துண்டும் தைத்துவிடுங்கள்.

முதலாமவர் மறுபடியும்: சரி அக்கா, தைக்கிறேன். ரயிலுக்குள் எப்படிச் சமாளிப்பது?

முதலில் முந்தின இரவு. பெட்டியை அம்மாவின் கண்ணில் படும்படி அடுக்காதீர்கள். பெட்டியைக் கண்டால் "எங்கே போறம்? யாருக்கு என்ன நடந்தது?" என்று விடிய விடியக் கேட்பார், நித்திரை போய்விடும். நித்திரை இல்லாத முதியவரோடு பயணம் செய்வது இரண்டு மடங்கு கஷ்டம். பயணத்தை அன்று காலையில் தேநீர் குடிக்கும்போது சொன்னால் போதும்.

அவர் பகலில் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று ஒரு கிழமை கவனித்து எழுதுங்கள். அநேகமானவர்களுக்குக் காலை நல்லது, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு குழப்பம் கூடும். ஆறேழு மணி நேரப் பயணம் என்பதால், அந்தக் குழப்ப நேரம் வருவதற்கு முன் வீட்டுக்குள் போய்ச்சேரும்படியான காலை ரயிலைப் பிடியுங்கள். இரவு ரயில் வசதி என்று நினைக்காதீர்கள். இருட்டு, ஆடும் பெட்டி, தெரியாத முகங்கள் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாடு. முன்பதிவு ஆசனம் கட்டாயம், நின்றுகொண்டு போகிற பயணமல்ல இது.

அம்மா ஜன்னல் பக்கம், நீங்கள் நடைபாதைப் பக்கம். நீங்கள் எழும்பாமல் அவர் எழும்பமுடியாது. குருநாகல், மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் "இதுதான் எங்கட ஸ்டேஷன்" என்று எழும்பப் பார்ப்பார். வாதாடவேண்டாம். "இன்னும் கொஞ்சத்திலதான் அம்மா, இந்தாங்கோ தண்ணி" என்று கையில் எதையாவது கொடுங்கள்.

எனக்கு மிகவும் பயமான இடம் மலசலகூடம். எங்கள் ரயில்களில் ஓடும்போதும் கதவுகள் திறந்தே கிடக்கும், மலசலகூடம் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெளியே வரும் அம்மா எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. திறந்த கதவுக்கு உங்கள் முதுகைக் கொடுத்து, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நில்லுங்கள். தாழ்ப்பாளை உள்ளிருந்து போடவிடாதீர்கள். கேட்கும்வரை காத்திராமல் இரண்டு மணிக்கொரு தடவை, வண்டி ஸ்டேஷனில் நிற்கும் சமயம் பார்த்து கூட்டிப்போங்கள். அடிக்கடி போகவேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. இந்த வெயிலில் அது பெரிய பிழை, உடம்பு வறண்டால் குழப்பம் இன்னும் கூடும்.

தெகிவளையிலிருந்து ஒரு ஐயா: என் மனைவிக்கு மறதி இல்லை, முழங்கால் வலிதான். கோட்டை ஸ்டேஷனில் சக்கர நாற்காலி எடுக்கலாமா?

ஐயா, இது வேறு கேள்வி. ஆனாலும் பயனுள்ளது. முந்தின நாளே ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்தில் கேட்டு வைத்துவிடுங்கள், போன இடத்தில் தேடவேண்டாம். நன்றாக நடக்கிற மறதிக்காரரையும் நெரிசலில் நாற்காலியில் இருத்தி வைப்பது எனக்குப் பிடிக்கும். சனம் வழிவிடும், அவரும் அலையமாட்டார்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மருமகள்: மாமிக்கு பயணத்தில் ஒரு பிரிட்டன் குளிசை கொடுத்தால் நித்திரையாகப் போய்விடுவா என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். நாங்களும் சளிக்குக் கொடுப்பதுதானே?

கொடுக்காதீர்கள். சளிக்குக் கொடுத்ததும் இளவயதில் இருந்திருக்கும். அந்த வகை மருந்து மறதி உள்ள மூளையைக் கூடுதலாக மழுங்கடிக்கும். நித்திரைக்குப் பதிலாகப் பிதற்றலும் பரபரப்பும் வரலாம், எழும்பும்போது தலைசுற்றி விழலாம், சிறுநீர் கட்டலாம். எந்த நித்திரை மருந்தானாலும் பயண நாளில் முதன்முறை கொடுக்கும் வேலை வேண்டாம். உண்மையில் தேவை என்றால் அவரைப் பார்க்கிற டொக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் பரீட்சித்துப் பாருங்கள்.

இன்னொன்று. மாமி நேற்றுவரை அமைதி, இரண்டு நாளாகத் திடீரென்று ஆளே மாறிவிட்டார் என்றால் அது பெரும்பாலும் மறதி நோய் முற்றியதல்ல. மறதி பொதுவாக மாதக்கணக்கில் மெதுவாக வரும். திடீர் மாற்றத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்வறட்சி போன்ற காரணம் இருக்கலாம். பயணத்தைத் தள்ளிப்போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். வழியில் நடந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு மகன்: அப்பா முன்னாள் ஆசிரியர், கடல் பார்க்கவேண்டும் என்கிறார். காலிமுகத்திடலுக்குப் பின்னேரம் கூட்டிப்போனேன், அழாக்குறையாகத் திரும்பினோம். அமைதியான இடம் எது? சீமா மாலகய விகாரை நல்லது என்கிறார் நண்பர்.

இடம் பிழையில்லை, நேரம்தான் பிழை. பின்னேரம் அங்கே பட்டம், இறால் வடைக் கடை, பிள்ளைகளின் கூச்சல். விடிய ஆறரைக்குப் போய்ப்பாருங்கள், அதே திடல் வேறு உலகம். வெள்ளவத்தைப் பக்கம் கடல் அமைதிதான், ஆனால் மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. கடலைக் கண்டவர் தண்டவாளத்தைக் காணமாட்டார். அங்கே கையை விடவேண்டாம்.

சீமா மாலகய அழகான இடம், உங்கள் நண்பர் சொல்வது விளங்குகிறது. ஆனால் அது வாவியின் மேல் இருக்கிறது, நாலு பக்கமும் தண்ணீர். திடீரென்று எழும்பி நடக்கிற பழக்கம் உள்ளவரென்றால் நான் கூட்டிப்போகமாட்டேன். சுதந்திர சதுக்கத்து மண்டபம் எனக்கு விருப்பம். வாரநாள் காலையில் நிழலும் காற்றும் இருக்கும், தூண்களுக்கிடையில் எங்கிருந்தாலும் அவரைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே நாளில் ஒரே இடம், ஒரு மணி நேரம். அப்பா சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். களைத்த பிறகு திரும்பினால் களைப்புத்தான் மனதில் நிற்கும்.

வத்தளையிலிருந்து ஒருவர்: உறவினர் வீட்டில் தங்கினால் இருட்டுகிற நேரம் "வீட்டை போகோணும்" என்று அம்மா அழுகிறார். எவ்வளவு விளக்கியும் கேட்பதில்லை.

விளக்குவதை விடுங்கள். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் இப்போதைய வீடல்ல, சின்ன வயதில் இருந்த வீடு. அதன் பெயரில் பாதுகாப்பைத்தான் தேடுகிறார். "வீட்டில மாமரம் இருந்ததோ அம்மா?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் கூடவே ஒரு சுற்று நடந்து வாருங்கள். வெளிச்சத்தை இருட்டுமுன்பே போடுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வீட்டிலிருந்து அவருடைய தலையணையையும் தேநீர்க் கோப்பையையும் கொண்டுபோங்கள். எங்கள் அம்மாவுக்கு நீலப் பூப்போட்ட ஒரு கோப்பை. காது உடைந்தது, அதில் கொடுத்தால்தான் பிளேன்டீ குடிப்பார். புதிய அறையில் மலசலகூடக் கதவை இரவில் திறந்து வைத்து உள்ளே லைட்டைப் போட்டுவிடுங்கள். வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுத்துவிடுங்கள், சிலருக்கு அது குழியாகத் தெரியும், தாண்டப்போய் விழுவார்கள்.

முதலாமவர் கடைசியாக: அக்கா, உண்மையில் லண்டனில் இருக்கும் அண்ணன்தான் அம்மாவுக்கு நல்லூர்த் தேரைக் காட்டவேண்டும் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். யார் சரி?

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேர் அன்று அந்தக் கூட்டத்தில் நான் யாரையும் கூட்டிப்போகமாட்டேன். ஆனால் திருவிழா 25 நாள். வேறொரு நாள் விடியற்காலையில் போய் வெளிவீதியில் ஒரு நிழலில் இருத்தலாம். மணியும் மேளமும் அவரை உலுக்குமா, சின்ன வயதுத் தேவாரம் வாயில் வந்து அமைதியாகுவாரா என்பது ஆளுக்கு ஆள் வேறு. என் அம்மா பாடினார், என் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுதார். போகுமுன் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் பூசை நேரத்தில் ஒரு தடவை கூட்டிப்போங்கள். வாசலுக்குக் கிட்ட நில்லுங்கள். எத்தனை நிமிடத்தில் உங்கள் கையை இறுக்கிப் பிடிக்கிறார் என்று பார்த்து, அண்ணனுக்கும் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.