டஜனும் உதிரியும் சேர்த்துக் கூட்டுவது

கேள்வி: 3 டஜன் 8 முட்டையும் 2 டஜன் 7 முட்டையும் சேர்ந்தால் மொத்தம் எத்தனை?

டஜன் என்றால் 12. அதில் சேராமல் மிஞ்சுவது உதிரி. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்: 5 டஜன், 15 உதிரி. உதிரி 12ஐத் தொட்டாலே அதில் இன்னொரு டஜன் இருக்கிறது. 15இல் 12ஐ எடுத்தால் 3 மிஞ்சும். ஆக 6 டஜன் 3. நிமிடம் 60 ஆனதும் ஒரு மணியாக ஏறுவதைப் போலத்தான் இதுவும்.

சரி, ஒரே எண்ணாக வேண்டுமா? 6ஐ 12ஆல் பெருக்கி 3ஐக் கூட்டினால் 75. சரிபார்க்க, முதலிலேயே உதிரியாக மாற்றிப் பாருங்கள்: 44, 31. கூட்டினால் அதே 75.

பலர் கால்குலேட்டரில் 3.8 + 2.7 என்று போட்டு 6.5 டஜன் என்கிறார்கள். அது 78 ஆகிவிடும், ஏனென்றால் புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கிறது, உதிரியை அல்ல.