கடைப் பலகையில் எழுத்தை மாற்றும் முன்: வைட் ஆங்கிள் படங்கள் பற்றிய கேள்வி-பதில்

எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்று மருந்துக்கடையின் பலகையை வைட் ஆங்கிளில் எடுத்தேன். பலகை வில்லாக வளைந்திருக்கிறது. புதிய பெயரையும் Arc கொண்டு அதே அளவு வளைத்து ஒட்டிவிடலாமா? (திருப்பூர்)

ஒட்டக்கூடாது. Arc தருவது ஒரே சீரான வில். லென்ஸ் தரும் வளைவு அப்படிப்பட்டதல்ல. படத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக அது கூடும். அதனால் பலகையின் மேல் விளிம்பு ஓர் அளவிலும் கீழ் விளிம்பு வேறோர் அளவிலும் வளைந்திருக்கும். நடு எழுத்துகளைப் பொருத்தினால் ஓரத்து எழுத்துகள் விளிம்பை விட்டு விலகும். எழுத்தை வளைக்காதீர்கள், படத்தை நிமிர்த்துங்கள்.

முதலில் எவ்வளவு வளைவு என்று பாருங்கள். தனி லேயரில், பலகையின் மேல் இடது முனையிலிருந்து மேல் வலது முனைவரை ஒரு மெல்லிய நேர்கோடு போடுங்கள். நீங்கள் அனுப்பிய படம் சுமார் 4000 பிக்சல் அகலம். அதில் கோட்டுக்கும் பலகையின் நடு விளிம்புக்கும் ஏறக்குறைய 25 பிக்சல் இடைவெளி இருக்கிறது. எழுத்தின் உயரமே 200 பிக்சல்தான். எட்டில் ஒரு பங்கு கோணல் யார் கண்ணிலும் படும். லென்ஸுக்கான புரொஃபைல், அதாவது அதன் வளைவு அளவுகளைப் பதிந்து வைத்த கோப்பு, இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கையால் நகர்த்த வேண்டியதுதான். ஃபோட்டோஷாப்பின் Lens Correction பகுதியில் Remove Distortion ஸ்லைடரைக் கூட்டல் பக்கமும், கிம்ப்பின் Lens Distortion பகுதியில் Main அளவைக் கழித்தல் பக்கமும் நகர்த்துங்கள். மீண்டும் கோடு போடுங்கள். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டிலும் இடைவெளி ஓரிரு பிக்சலுக்குள் வந்த பிறகே பழைய எழுத்தை அழிக்கத் தொடங்குங்கள்.

விளிம்புகள் நேராகிவிட்டன. ஆனால் பலகை ஒரு பக்கம் உயரமாகவும் மறு பக்கம் குறுகியும் தெரிகிறது. ஸ்லைடரை இன்னும் தள்ளலாமா? (நாகர்கோவில்)

தள்ளினால் நேரானதும் கெடும். குறுகுவது பர்ஸ்பெக்டிவ்; கேமரா பலகைக்கு நேர் எதிரே இல்லாததால் வருவது. அதற்கு நான்கு மூலைகளைப் பிடித்து இழுக்கும் கருவி போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: லென்ஸ் வளைவு முதலில், பர்ஸ்பெக்டிவ் அடுத்தது, எழுத்து கடைசியில்.

பலகையை மட்டும் கிராப் செய்து எடுத்துக்கொண்டு, பிறகு வளைவைச் சரிசெய்தேன். மேல் விளிம்பு நேராகிறது, கீழ் விளிம்பு முன்பைவிட மோசமாகிறது. மென்பொருளில் கோளாறா? (சேலம்)

மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை. கிராப் செய்ததுதான் கோளாறு. இந்தப் பகுதியில் நான் அதிகம் எழுதிய எச்சரிக்கை இதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வெட்டிய படத்தோடு யாராவது வந்து நிற்கிறார்கள். வெட்டுவதற்கு இரண்டு நொடி போதும். அதனால் கெட்டதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது.

காரணம் இது. திருத்தக் கருவி வழக்கமாகப் படத்தின் நட்டநடுப் புள்ளியை லென்ஸின் மையம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் என்று அளந்தே அதை நகர்த்துகிறது. உங்கள் மூலப் படம் 4000க்கு 3000 பிக்சல். அதன் மையம் மேலிருந்து 1500இல் இருந்தது. பலகையோ 400க்கும் 900க்கும் இடையில், அதாவது முழுக்க மையத்துக்கு மேலே. மையத்துக்கு மேலே உள்ள நேர்கோடுகளை இந்த வகை லென்ஸ் மேல்நோக்கி வளைக்கும். ஆகவே பலகையின் இரண்டு விளிம்புகளும் ஒரே திசையில்தான் வளைந்திருந்தன: நடு மேலே எழும்பி, முனைகள் கீழே இறங்கி.

நீங்கள் வெட்டிய துண்டில் மையம் 650க்கு, பலகையின் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. இப்போது மேல் விளிம்பு அந்தப் பொய் மையத்துக்கு மேலே, கீழ் விளிம்பு அதற்குக் கீழே. கீழே உள்ள கோடு கீழ்நோக்கி வளைந்திருக்கும் என்று நம்பும் கருவி, அதை மேல்நோக்கி நிமிர்த்தும். ஏற்கெனவே மேல்நோக்கி வளைந்திருந்த கோட்டை மேலும் மேலே தள்ளினால் என்ன ஆகும்? நீங்கள் பார்த்ததுதான். ஸ்லைடரை எங்கே நிறுத்தினாலும் இரண்டு விளிம்புகளும் ஒருசேர நேராகாது. இந்த அறிகுறியைக் கண்டால், படத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்யலாம்.

மூலப் படம் இருந்தால் அதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அது தொலைந்துபோய், அளவு மட்டும் தெரிந்தால் ஒரு வழி உண்டு. Canvas Size மூலம் துண்டைச் சுற்றி வெற்றிடம் சேர்த்து 4000க்கு 3000 ஆக்குங்கள். பலகையைப் பழைய இடத்திலேயே வையுங்கள். வெற்றிடத்தை ஏதேனும் ஒரு நிறத்தால் நிரப்பிவிட்டு, முழுப் படத்தின் மீதும் திருத்தம் செய்யுங்கள். மையம் மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிடும். துண்டு எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதும் தெரியாவிட்டால், வாடிக்கையாளரிடம் வேறு படம் கேளுங்கள்.

புரொஃபைல் பட்டியலில் என் கேமராவே வரவில்லை. (தஞ்சாவூர்)

படம் வாட்ஸ்அப்பில் வந்தது என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது. படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், கேமரா, லென்ஸ் விவரங்களும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெட்டாத படமாக அனுப்பச் சொல்லுங்கள்.

செல்பேசிப் படத்துக்குப் புரொஃபைல் போட்டதும் பலகையின் நடு கீழே தொய்ந்துவிட்டது. (காரைக்குடி)

இரண்டு முறை திருத்திவிட்டீர்கள். பல செல்பேசிகள் ஜேபெக் படத்தைச் சேமிக்கும்போதே வளைவை நீக்கிவிடுகின்றன. கோடு போட்டுப் பார்த்த பிறகு திருத்துங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வைட் ஆங்கிளில் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிகிறார்கள். பலகையின் ஓர எழுத்துகளையும் அகலப்படுத்த வேண்டுமா? (திருச்சி)

நல்ல கேள்வி. வேண்டாம். பலகை தட்டையானது. கேமரா அதற்கு நேர் எதிரே இருந்து, வளைவும் நீங்கிவிட்டால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில்தான் விழும். ஆனால் முன்னே துருத்தி நிற்கும் பெட்டி எழுத்துகள் என்றால் பக்கவாட்டுத் தடிமன் தெரியும். கேமரா பலகையின் நடுவுக்கு எதிரே இருந்தால், இடக்கோடி எழுத்தில் வலப்பக்கச் சுவரும், வலக்கோடி எழுத்தில் இடப்பக்கச் சுவரும் தெரியும். நடு எழுத்தில் இரண்டுமே தெரியாது. தெருவிலிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் எல்லா எழுத்தின் அடிப்பகுதியும் தெரியும். எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் தடிமன் வைத்தால் ஒட்டுவேலை உடனே வெளிப்பட்டுவிடும்.

எல்லாம் நேராக இருந்தும் புதிய எழுத்து மிதப்பதுபோல் தெரிகிறது. (புதுச்சேரி)

திருத்தும்போது படம் சற்று மழுங்கும், ஓரங்களில் கூடுதலாக. உங்கள் எழுத்து கத்திபோல் கூர்மையாக இருக்கிறது. அரை முதல் ஒரு பிக்சல்வரை மங்கலாக்கி, படத்தில் உள்ள அளவுக்குப் புள்ளிக்குருணையும் சேருங்கள்.

எவ்வளவு முயன்றும் பலகையின் கீழ் விளிம்பு நேராகவே இல்லை. (விழுப்புரம்)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது பலகையே அல்ல, நான்கு மூலையில் கட்டித் தொங்கவிட்ட ஃபிளெக்ஸ். நிஜத்திலேயே தொய்ந்திருக்கிறது. அதன் கீழே உள்ள ஷட்டர் பெட்டியின் விளிம்பில் கோடு போட்டு அளந்து படத்தைத் திருத்துங்கள். ஃபிளெக்ஸின் தொய்வை அப்படியே விட்டு, அதன் போக்கிலேயே எழுத்தை அமையுங்கள்.